உணவுப் பொருள் நிறுவனத்திடம் விநியோக உரிமை கேட்கும் முன்மொழிவு: கடைப் பட்டியலிலிருந்து மூலதனக் கணக்கு வரை

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய ஸ்டோரை வைத்துக்கொண்டு பொட்டல உணவுப் பொருள்களை வேனில் ஏற்றிக் கடை கடையாக விற்பது என் தொழில். விநியோக உரிமை கேட்டு ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிய முதல் முன்மொழிவு இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. ‘பினாங்கு மாநிலம் முழுவதும், 1,200 கடைகள்’ என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளர் பேனாவை எடுத்து 1,200ஐ 24ஆல் வகுத்தார். “மாதத்தில் 24 வேலை நாள். ஒரு வேனில் தினமும் 50 கடையா? மாதம் ஒரு தடவைதான் போவீர்களா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு நண்பர்கள் சிலருடைய முன்மொழிவுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் இடறும் இடம் ஒன்றுதான். பகுதியைப் பற்றி ஒரு பக்கம், பணத்தைப் பற்றி வேறொரு பக்கம் எழுதுகிறார்கள்; இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. உண்மையில் அது ஒரே கணக்கு. கடைகளின் எண்ணிக்கை விற்பனையைச் சொல்லும், விற்பனை மூலதனத்தைச் சொல்லும். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியையும் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, சிம்பாங் அம்பாட்டில் ஸ்டோர் வைத்திருக்கும் ஒரு தம்பியின் கணக்கைக் கொள்கிறேன். மசாலாத்தூள், அப்பளம், முறுக்கு வகைகள் செய்யும் ஒரு நிறுவனத்திடம் அவர் உரிமை கேட்டார். ஏற்கெனவே வேறு இரண்டு நிறுவனங்களின் பொருள்களை ஒரு வேனில் விற்றுக்கொண்டிருந்தார்.

1. எழுதுவதற்கு முன் பத்து நாள் கடைகளில் நில்லுங்கள்

முதலில் தெரிய வேண்டியது, அந்தப் பகுதியில் ஏற்கெனவே விநியோகஸ்தர் இருக்கிறாரா என்பது. நிறுவனத்திடம் கேட்டால் நேரான பதில் வராது. கடைக்காரரிடம் கேளுங்கள்: “இந்தச் சரக்கு யார் கொண்டுவந்து போடுகிறார்கள்? கடைசியாக எப்போது வந்தார்கள்?” பழகிய கடைக்காரர் பில்லையே எடுத்துக் காட்டுவார். அதில் விநியோகஸ்தரின் பெயரும் தேதியும் இருக்கும்.

பிறகு அலமாரியைப் பாருங்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்துக் காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி சுங்கை பாக்காப்பில் ஒரு மளிகைக் கடையில் மல்லித்தூள் பொட்டலத்தை எடுத்தபோது விரலில் தூசி ஒட்டியது. பின்வரிசைப் பொட்டலம் காலாவதியாகி ஐந்து வாரம். முன்வரிசையில் இருந்ததோ புதுச் சரக்கு. பழையதை யாரும் திருப்பி எடுக்கவில்லை, புதியதை யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். விசாரித்தபோது, வேன் வந்து நான்கு மாதமாகிறது என்றும் கடைக்காரரே மொத்தக் கடையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார் என்றும் தெரிந்தது.

இப்படிக் கிடைத்த 40 கடைகளின் குறிப்பு, முன்மொழிவின் முதல் பக்கத்துக்குப் போதும். கடையின் பெயர், இடம், அந்த நிறுவனத்தின் பொருள் இருக்கிறதா இல்லையா, கடைசியாக வேன் வந்த மாதம். இவ்வளவுதான். தங்கள் பொருள் எங்கே இல்லை என்பது நிறுவனத்துக்கே பெரும்பாலும் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தை அவர்கள் கட்டாயம் படிப்பார்கள். பழைய விநியோகஸ்தரைக் குறை சொல்லி மட்டும் எழுதாதீர்கள். பட்டியல் தானே பேசிக்கொள்ளும். நாளைக்கு உங்கள் இடத்திலும் ஒருவர் அப்படி எழுதுவாரோ என்று மேலாளர் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது.

2. வேன் எட்டும் தூரத்தை மட்டும் கேளுங்கள்

புதியவர்கள் பகுதியை அகலமாகக் கேட்பார்கள். பிறகு வேறொருவர் நுழைந்துவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் பெரிய பகுதியைக் கேட்டால் பெரிய இலக்கு வரும். இலக்கை எட்டாவிட்டால் ஓராண்டில் உரிமையே போய்விடும்.

பினாங்கில் இதை முடிவு செய்வது கடல். ஸ்டோர் பெருநிலத்தில் இருந்தால் தீவுக்கு வேன் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். பட்டர்வொர்த் ஃபெரியில் இப்போது மோட்டார் சைக்கிள், சைக்கிள், ஆள் மட்டும்தான் ஏறலாம். முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், பத்து காவானிலிருந்து போகும் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். சுங்கக் கட்டணத்தைவிட நேரம்தான் செலவு. காலையில் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போனால் அன்றைக்கு ஐந்தாறு கடை குறையும். அதோடு, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கத்துக் கடைகளுக்கு மொத்த வியாபாரிகளே பக்கத்தில் இருக்கிறார்கள். வேனுக்காக அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தம்பி தீவைக் கேட்கவில்லை. செபராங் பிறை தெங்காவும் செலாத்தானும், அதாவது பிறை, புக்கிட் மெர்தாஜாம் முதல் சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், நிபோங் திபால் வரை, என்று எழுதினார். வட பகுதியில் கெப்பாலா பத்தாஸை இரண்டாம் ஆண்டுக்கு, இரண்டாவது வேன் வந்த பிறகு, என்று ஒரே வரியில் குறிப்பிட்டார். அந்த ஒரு வரி மேலாளருக்குப் பிடித்துப்போனது.

3. கடைப் பட்டியலைப் பன்னிரண்டு வழித்தடமாகப் பிரியுங்கள்

வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டுவது பகுதியை எட்டுவதற்குச் சான்று ஆகாது. எந்தக் கிழமை எந்தத் தெருவில் வேன் நிற்கும் என்பதுதான் சான்று.

விற்பனையாளரும் உதவியாளரும் போகும் ஒரு வேன், சரக்கை இறக்கி, பழையதைச் சோதித்து, பில் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு ஒரு நாளில் 25 கடை பார்க்கலாம். அதற்குமேல் எழுதினால் நம்ப மாட்டார்கள். ஒரு கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவதென்றால், இரண்டு வாரத்தில் 12 வேலை நாள். 12 வழித்தடம், 25 கடை வீதம் 300 கடை. ஒரு வேனின் உச்ச அளவு அதுதான்.

இதை ஒரு பக்க அட்டவணையாகப் போடுங்கள்: முதல் திங்கள் நிபோங் திபால், முதல் செவ்வாய் சுங்கை பாக்காப், சுங்கை ஜாவி, இப்படி. ஒவ்வொரு வழித்தடத்தின் கீழும் கடைப் பெயர்கள். வெறும் எண்ணிக்கையை எழுதாமல் பெயர்களை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலாளர் ஏதாவது ஒரு வழித்தடத்தைக் காட்டி, “நாளைக் காலை உங்களோடு வேனில் வருகிறேன்” என்பார். பெயரில்லாத கடைக்குப் போக முடியாது.

சங்கிலி மினி மார்க்கெட்டுகளை இந்த 300இல் சேர்க்காதீர்கள். அவற்றின் கொள்முதல், கடன் தவணை, பொருளைப் பட்டியலில் சேர்க்கும் கட்டணம் எல்லாமே வேறு. தனியாக எழுதுங்கள். சில சங்கிலிகளுக்கு நிறுவனமே நேரடியாகச் சரக்கு தரும். அவை உங்கள் கணக்கில் வருமா வராதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் விற்பனைக் கணக்குப் போட்டவர்கள், கணக்கில் கால்வாசியைப் பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

4. கடையிலிருந்து விற்பனைத் தொகைக்கு வாருங்கள்

300 கடைக்கு மாதம் இரண்டு முறை போனால் 600 வருகை. எல்லா வருகையிலும் பில் விழாது. ‘இருக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம்’ என்பதுதான் பாதி நாள் பதில். தம்பி தன் பழைய இரண்டு நிறுவனங்களின் பில் புத்தகத்தைப் பார்த்து, நூறு வருகைக்கு 60 பில் என்று கண்டார். ஆக 360 பில். ஒரு பில் சராசரி 180 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 64,800 ரிங்கிட். தனியாக நிற்கும் 12 மினி மார்க்கெட்டுகள், ஒவ்வொன்றும் 1,600 ரிங்கிட் வீதம், 19,200 ரிங்கிட். மொத்தம் 84,000.

முதல் மாதமே 84,000 என்று எழுதாதீர்கள். பொருள் அலமாரியில் ஏறவே இரண்டு சுற்று பிடிக்கும். முதல் மூன்று மாதத்துக்கு 40, 60, 80 விழுக்காடு என்று படிப்படியாகக் காட்டினால் உங்களுக்கு வரும் இலக்கும் அப்படியே வரும்.

அந்த 60 விழுக்காடும் 180 ரிங்கிட்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்பார்கள். உங்கள் பழைய பில்களைக் கையில் வைத்திருங்கள். பழைய தொழில் இல்லாதவர்கள், இதே கடைகளில் பொருள் விற்கும் ஒருவருடைய வேனில் இரண்டு வாரம் சும்மா ஏறிப் போய் எண்ணிக்கொண்டு வாருங்கள். ஊகித்து எழுதிய எண்ணை முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

5. நடைமுறை மூலதனம்: பணம் எங்கெங்கே உறங்குகிறது

பெரும்பாலோர் கையிருப்புத் தொகையை மட்டும் ஒரு வரியில் எழுதி வங்கி அறிக்கையை இணைத்துவிடுவார்கள். அந்தப் பணம் போதுமா என்பதுதான் நிறுவனத்தின் கேள்வி. ஒரு மாதத்தில் பணம் தீர்ந்துபோனால் நீங்கள் சரக்கு எடுக்க மாட்டீர்கள், அவர்களுடைய அலமாரி காலியாகும். ஆகவே தொகையை நான்கு இடமாகப் பிரித்துக் காட்டுங்கள்.

முதலில் ஸ்டோரில் நிற்கும் சரக்கு. தம்பிக்கு விற்பனை விலையில் 10 விழுக்காடு இலாபம். எனவே 84,000க்கு விற்கும் சரக்கின் கொள்முதல் 75,600, நாளொன்றுக்கு 2,520. நிறுவனத்தின் லோரி வடக்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். அதற்கு 14 நாள் சரக்கு. லோரி தாமதித்தால் ஈடுகட்ட 7 நாள். வேனுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் சரக்கு 3 நாள். மெதுவாக நகரும் வகைகளுக்கு 4 நாள். மொத்தம் 28 நாள், 70,560 ரிங்கிட். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லோரி வந்தால் சராசரி ஏழு நாள் இருப்பு போதும் என்று பள்ளிக் கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நாற்பது வகைப் பொருளில் ஐந்து தீர்ந்துபோனால், ஸ்டோர் நிறையச் சரக்கு இருந்தும் பில் சிறுத்துவிடும்.

அடுத்தது கடைகளில் நிற்கும் கடன். மளிகைக் கடைகளின் 64,800இல் பாதி ரொக்கம். மீதி 32,400 பில்லுக்குப் பில், அதாவது புதுச் சரக்கு இறக்கும்போது பழைய பில்லுக்குப் பணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம், அதனால் 14 நாள் கடன் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அடுத்த முறை கடை சரக்கு வாங்காவிட்டால் பழைய பில் நகராது. தம்பியின் புத்தகப்படி சராசரி 25 நாள், 27,000 ரிங்கிட். மினி மார்க்கெட்டுகள் 60 நாள் தவணை கேட்கும். 19,200இன் இரண்டு மாதம் 38,400. ஒன்றைக் கவனியுங்கள்: விற்பனையில் கால்வாசிகூட இல்லாத அந்த 12 கடைகள், மளிகைக் கடைகளைவிட அதிகப் பணத்தை முடக்குகின்றன. தம்பி இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டு, தொடக்கத்தில் 12க்கு மேல் எடுக்க மாட்டேன் என்று எழுதினார்.

மூன்றாவது, நிறுவனத்திடமே நிற்கும் பணம். தள்ளுபடியும் காலாவதிச் சரக்கின் ஈடும் முதலில் உங்கள் பையிலிருந்து போகும். நிறுவனம் பிறகு கிரெடிட் நோட் தரும். மாதம் 2,500 என்று கொண்டால், கிரெடிட் நோட் வர இரண்டு மாதமாகும், ஆக 5,000.

நான்காவது இடம் கழித்தல் கணக்கு: நிறுவனம் உங்களுக்குத் தரும் கடன். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மேலே உள்ள மூன்றின் கூட்டல் 1,40,960. நிறுவனம் 30 நாள் தவணை தரும் என்று 75,600ஐக் கழித்து, ‘எனக்கு 65,360 போதும்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் புது விநியோகஸ்தருக்கு முதல் சில கொள்முதல்கள் பெரும்பாலும் ரொக்கம்தான். பிறகு தவணை கிடைத்தாலும் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். அதற்கு வங்கி உங்கள் வைப்புத் தொகையை முடக்கிவைக்கும். கடன் கிடைத்ததாகத் தோன்றும், பணம் அதே அளவு பூட்டிக் கிடக்கும். ஆகவே தவணையைக் கழிக்காமல் 1,41,000 என்று எழுதிவிட்டு, தவணை கிடைத்தால் என்ன மிச்சமாகும் என்பதை அடுத்த வரியில் தனியாகக் காட்டுங்கள்.

6. தீபாவளி மாதத்தைத் தனியாகப் போடுங்கள்

மேலே உள்ளது சாதாரண மாதம். மசாலா, அப்பளம், முறுக்கு விற்பவருக்குத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே சரக்கு ஏற வேண்டும். எல்லா விநியோகஸ்தரும் ஒரே நேரத்தில் கேட்பதால் தொழிற்சாலையில் தட்டுப்பாடு வரும். முந்தி எடுத்தவருக்கே சரக்கு. கடைகளும் அப்போது கூடுதல் கடன் கேட்கும், பண்டிகை முடிந்துதான் தரும்.

தம்பி கூடுதல் சரக்குக்கு 45,000, கூடுதல் கடனுக்கு 20,000 என்று சேர்த்தார். உச்சத் தேவை 2,06,000. அதைச் சமாளிக்கச் சொந்தப் பணம் 1,30,000, வங்கி ஒப்புதல் தந்த ஓவர்டிராஃப்ட் 80,000, ஆக 2,10,000. ஓவர்டிராஃப்டை ‘விண்ணப்பிக்க இருக்கிறேன்’ என்று எழுதினால் அது பணமாகாது. வங்கியின் ஒப்புதல் கடிதத்தின் நகல் வேண்டும். வீட்டை அடகு வைப்பேன், மாமனார் தருவார் என்றெல்லாம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன்; கையில் வந்த பிறகு எழுதுங்கள்.

சொந்தப் பணத்துக்கு ஆறு மாத வங்கி அறிக்கை இணைக்க வேண்டும். சமர்ப்பிப்பதற்கு முந்தின வாரம் எங்கிருந்தோ ஒரு லட்சம் வந்து விழுந்திருந்தால், அதைத்தான் முதலில் கேட்பார்கள். உறவினர் தந்த கடனென்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிடோஸ் அறிக்கையையும் நிறுவனம் பார்க்கக்கூடும். நீங்களே முன்கூட்டி எடுத்துப் படித்து, பழைய பாக்கி ஏதாவது இருந்தால் தீர்த்துவிட்டுப் போங்கள்.

7. வேன் செலவைத் தாங்குகிறதா என்று காட்டுங்கள்

84,000க்கு 10 விழுக்காடு 8,400 ரிங்கிட். தம்பியின் வேனுக்கும் ஸ்டோருக்கும் மாதச் செலவு இது: விற்பனையாளர் 2,600, உதவியாளர் 1,900, இருவருக்கும் முதலாளி கட்டும் இ.பி.எஃப்., சொக்சோ எல்லாம் சேர்த்து 675, டீசல் 1,000, வேன் தவணையும் பழுதும் 1,400, வாடகை 1,800, சில்லறைச் செலவு 425. மொத்தம் 9,800. இந்த ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பினால் மாதம் 1,400 நட்டம்.

இதை மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். மேலாளருக்கு அவர் தரும் விழுக்காடும் தெரியும், வேன் செலவும் தெரியும். தம்பியின் வேனில் மற்ற இரண்டு நிறுவனங்களின் விற்பனை 66,000. அதனால் வேன் செலவில் இந்த நிறுவனத்தின் பங்கு 56 விழுக்காடு, ஏறக்குறைய 5,500. மிச்சம் 2,900. ஆண்டுக்கு 34,800, முடங்கும் 1,41,000க்கு இது கிட்டத்தட்ட 25 விழுக்காடு. ஓவர்டிராஃப்ட் வட்டியை இதில் கழிக்க வேண்டும், அதையும் எழுதினார். மற்ற இரண்டு நிறுவனங்கள் பிஸ்கட்டும் பானமும் விற்பவை, மசாலாவோடு போட்டியிடாதவை என்பதையும் பெயரோடு குறிப்பிட்டார்.

சில நிறுவனங்கள் தங்களுக்கென்றே தனி வேன் கேட்கும். அப்போது இந்தப் பக்கத்தையே காட்டி, எவ்வளவு விற்பனை வந்தால் தனி வேன் தாங்கும் என்று சொல்லலாம். 10 விழுக்காட்டில் 9,800 வர வேண்டுமென்றால் 98,000 ரிங்கிட். அதற்குக் கீழே தனி வேன் என்றால், விழுக்காட்டை உயர்த்துங்கள் அல்லது விற்பனையாளர் சம்பளத்தில் பங்கு தாருங்கள் என்று கேட்க உங்களுக்கு எண் கிடைத்துவிடும்.

8. கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்

முன்மொழிவு நீங்கள் தருவதைச் சொல்வது மட்டுமல்ல. கடைசியில் அரைப் பக்கம் உங்கள் கேள்விகளுக்கு வையுங்கள். பகுதி உங்களுக்கு மட்டும்தானா? வெளியூர் மொத்த வியாபாரியின் சரக்கு உங்கள் பகுதியில் குறைந்த விலைக்கு இறங்கினால் யார் பார்ப்பது? காலாவதிச் சரக்கில் எத்தனை விழுக்காடு வரை நிறுவனம் ஏற்கும், கிரெடிட் நோட் எத்தனை நாளில் வரும்? உரிமை முடிந்தால் ஸ்டோரில் மிஞ்சிய சரக்கைத் திருப்பி எடுப்பார்களா?

கடைசிக் கேள்வியை எல்லாரும் கூச்சத்தால் விட்டுவிடுவார்கள். 28 நாள் சரக்கு, 70,000 ரிங்கிட், உரிமை போன மறுநாள் யாரும் வாங்காத பொருளாகிவிடும். கல்யாணத்துக்கு முன்பே பிரிவைப் பேசுவதா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். மனைவியை யாரும் ஸ்டோரில் அடுக்கி வைப்பதில்லை என்றேன்.

9. அடுக்கும் வரிசையும் நேரில் வரும் நாளும்

மொத்தம் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதலில் 40 கடைக் குறிப்பு, பிறகு வழித்தட அட்டவணை, விற்பனைக் கணக்கு, மூலதனம், வேன் செலவு, கேள்விகள். எஸ்.எஸ்.எம். பதிவு, செபராங் பிறை மாநகர மன்றத்தின் ஸ்டோர் உரிமம், வேனின் கிராண்ட், வங்கி அறிக்கை, கணக்கறிக்கை எல்லாம் பின்னிணைப்பாகப் போகட்டும். நிறுவன வரலாற்றையும் தொலைநோக்கையும் முதல் பக்கத்தில் போடுகிறவர்கள் உண்டு. அதைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பார்கள்.

அனுப்பிய பிறகு ஸ்டோரைப் பார்க்க வருவார்கள், பெரும்பாலும் சொல்லாமல். தம்பியிடம் வந்த மேலாளர் முன்வரிசைப் பெட்டிகளைத் தொடவே இல்லை. சுவரோரம் போய்க் குனிந்து, அடியிலிருந்த ஒரு பிஸ்கட் பெட்டியை இழுத்துத் தேதியைப் பார்த்தார். பெட்டிகள் தரையைத் தொடாமல் பலகைமேல் இருக்கின்றனவா, பழைய சரக்கு முன்னால் நிற்கிறதா, மசாலாவை வைக்கப்போகும் இடத்தில் சோப்பு வாசனை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வழித்தட அட்டவணையை எடுத்து, “இன்று இரண்டாம் வியாழன். வேன் இப்போது ஜூருவில் இருக்க வேண்டுமே, கூப்பிடுங்கள்” என்றார். தம்பி கூப்பிட்டார். விற்பனையாளர் ஜூருவில்தான் இருந்தார்.